வாடகை, சம்பளம் போக கடை எப்போ கைய கடிக்காம ஓடும்? என் கடை நோட்டுல இருந்து ஒரு கணக்கு

கேள்வி: பாண்டில முத்தியால்பேட்டை பக்கம் குழந்தைங்க டிரஸ் கடை போடலாம்னு இருக்கேன். வாடகை 15,000, வேலைக்கு ஒரு பொண்ணு, சம்பளம் 10,000. விற்பனை மாசத்துக்கு மாசம் ஏறி இறங்கும்ங்கறாங்க. அப்போ மாசம் எவ்ளோ வித்தா கைய கடிக்காதுன்னு எப்படி கணக்கு போடுறது?

பதில்:

நானும் இதே வியாபாரம்தாங்க, கடலூர் திருப்பாப்புலியூர்ல. 2022 தை கடைசில கடை திறந்தப்ப நான் போட்ட கணக்கு மாசம் 62,500 வித்தா போதும்னு வந்துச்சு. உண்மையான கணக்கு 2 லட்சம். மூணு மடங்குக்கு மேல வித்தியாசம். அது எங்கெங்க போச்சுன்னு சொன்னா நான் அது தெரியாம ஓட்டின ஆறு மாசம் உங்களுக்கு மிச்சமாகும், அதனால என் நம்பர வச்சே சொல்றேன்.

ஃபார்முலா ஒரே வரிதான், விற்பனை இருந்தாலும் இல்லாட்டியும் மாசாமாசம் ஆகுற செலவ எடுத்து, 100 ரூபா வித்தா அதுல உங்களுக்கு எவ்ளோ நிக்குதோ அந்த பங்கால வகுக்கணும். 100க்கு 20 ரூபா நின்னா 0.20. வகுக்குறது யாருக்கும் வரும், அந்த ரெண்டு நம்பரையும் சரியா பிடிக்கிறதுலதான் எல்லாரும் தப்பு பண்றோம்.

முதல்ல செலவு. எனக்கு வாடகை 12,000, வேலைக்கு இருக்கிற பொண்ணுக்கு 9,000, கரண்ட் 2,200 (நம்ம ஊர்ல ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ பில் வரும், அதுல பாதி), நெட் 500, டீ, பூ, கற்பூரம், கூட்டுற ஆளுக்குன்னு ஒரு 1,300. மொத்தம் 25,000, நான் இதோட நிறுத்திட்டேன். ஆனா தீபாவளிக்கு போனஸ் ஒரு மாச சம்பளம் கொடுக்கணும், ஆயுத பூஜை செலவு, லைசென்ஸ், இன்சூரன்ஸ், ஷட்டர் ரிப்பேர்னு வருஷத்துக்கு 18,000 வந்துச்சு, அத 12ஆல வகுத்தா மாசம் 1,500. கடை அட்வான்ஸ் ஒரு லட்சம் நகைய வச்சு கொடுத்தோம், அதுக்கு வட்டி மாசம் 1,000. எல்லாத்துக்கும் மேல என் சம்பளம். காலைல 9:30லேர்ந்து ராத்திரி 9:30 வரைக்கும் நான் நிக்கிறேன், வேற கடையில நின்னா எனக்கு 12,500 கொடுப்பாங்க, அத எழுதலைன்னா கடை என் உழைப்ப சாப்பிட்டுதான் லாபம் காட்டுது. இதெல்லாம் சேத்தா 40,000.

அடுத்தது மார்ஜின், அதாவது 100 ரூபா வித்தா நிக்குற பங்கு. இங்கதான் பெரிய அடி வாங்கினேன். 300 ரூபாய்க்கு வாங்கின ஃபிராக்க 420 ஸ்டிக்கர் போட்டு தொங்கவிட்டேன், 120 லாபம், அப்போ 40 பர்சென்ட்னு வச்சுகிட்டேன். அது வாங்குன விலைக்கு 40. நாம வகுக்கப்போறது விற்பனைய, அதனால வித்த விலைக்குதான் பாக்கணும். அதுலயும் யாரும் 420 கொடுக்கல, பேசி 400க்கு வாங்கிட்டு போவாங்க, அப்போ 400ல 100, அதாவது 25 பர்சென்ட். இன்னும் இருக்கு. ஒரு டிசைன்ல 10 பீஸ் வாங்கினா 8தான் 400க்கு போகும். 20, 22, 24 சைஸ் ஓடிடும், 16ம் 18ம் நின்னுடும், சைஸ் கட் ஆன டிசைன யாரும் தொடமாட்டாங்க. அந்த 2 பீஸ ஆடில 275க்கு தள்ளுவேன். இப்போ கூட்டிப் பாருங்க, 8 பீஸ் 3,200, 2 பீஸ் 550, மொத்தம் 3,750. வாங்கினது 3,000. நின்னது 750. 3,750ல 750னா சரியா 20 பர்சென்ட். 40னு நெனச்ச இடத்துல 20.

ஆக 25,000 வகுத்தல் 0.40, மாசம் 62,500னு போட்ட இடத்துல நிஜம் 40,000 வகுத்தல் 0.20, மாசம் 2,00,000.

முதல் ஆறு மாசம் நான் 1,10,000லேர்ந்து 1,40,000 வரைக்கும் வித்தேன், 62,500ஐ தாண்டிட்டோம்னு நிம்மதியா இருந்தேன், வாடகையும் சம்பளமும் தேதி தவறாம போச்சு, வீட்டுக்கும் மாசம் 10,000 எடுத்தேன், கல்லால காசும் இருந்துச்சு. ஜூலை கடைசில திருப்பூர் சப்ளையர் போன் பண்ணி பாக்கி கேட்டாரு. அன்னிக்கு ராத்திரி ஷட்டர பாதி இறக்கிட்டு நானும் எங்க வீட்டுக்காரரும் ஒவ்வொரு பீஸா எண்ணி வாங்குன விலைக்கு எழுதினோம், ஒரு மணி ஆயிடுச்சு. சரக்கு மதிப்பு திறந்தப்ப இருந்த அளவேதான் இருந்துச்சு, ஆனா சப்ளையர் பாக்கி 90,000லேர்ந்து 1,60,000க்கு போயிருந்துச்சு. அந்த 70,000தான் நஷ்டம். சரக்கு கடனுக்கு வர்ற வியாபாரத்துல கல்லாவ பாத்து லாபம் நஷ்டம் தெரியாதுங்க, சப்ளையரோட காசுலதான் நாம வாடகை கட்டிட்டு இருப்போம். சரக்கு ஏறாம பாக்கி மட்டும் ஏறுதுன்னா நீங்க கைய கடிக்காத அந்த விற்பனைக்கு கீழ இருக்கீங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவ எண்ணிடுங்க. ஆரம்ப சரக்கு, கூட வாங்குனது, இதுலேர்ந்து கடைசில இருக்கிறத கழிச்சா வித்த சரக்கோட அடக்க விலை வரும், விற்பனைலேர்ந்து அத கழிச்சா உங்க நிஜ மார்ஜின் கைல வந்துடும்.

இப்போ நீங்க கேட்ட ஏற்ற இறக்கம். மாசம் 2 லட்சம்னு சராசரிய மட்டும் வச்சுக்காதீங்க, 12 மாசத்தையும் மூணா பிரிங்க. என் நோட்டுப்படி தீபாவளி விழுற மாசமும் பொங்கல் மாசமும் 4 லட்சம் போல. ஏப்ரல், மே, ஜூன், ஆகஸ்ட், செப்டம்பர் 1,90,000 போல. பிப்ரவரி, மார்ச், ஜூலை, தீபாவளி முடிஞ்ச மழை மாசம் ரெண்டு, இந்த அஞ்சும் 1,30,000 போல. கூட்டினா வருஷம் 24 லட்சம், சராசரி சரியா 2 லட்சம், அதாவது லாபமும் இல்ல நஷ்டமும் இல்ல.

ஆனா மாசாமாசம் பாருங்க. மந்த மாசத்துல 1,30,000க்கு 26,000தான் நிக்கும், 40,000க்கு 14,000 துண்டு விழும். சாதா மாசத்துல 38,000 நிக்கும், 2,000 துண்டு. வருஷத்துல பத்து மாசம் துண்டுதான், மொத்தம் 80,000, அத ரெண்டு பண்டிகை மாசம் ஆளுக்கு 40,000 எடுத்து அடைக்குது. நான் பிப்ரவரில திறந்தேன் இல்லையா, அப்போ தீபாவளிக்கு முன்னாடி எட்டு மாசம் துண்டு, கூட்டினா 52,000. கணக்குப்படி வருஷம் சமமா முடியுற கடைக்கே இவ்ளோ காசு தனியா வேணும், அதுவும் அட்வான்ஸ், ரேக்கு, முதல் சரக்கு எல்லாம் போக. என் முதல் வருஷம் இதவிட மோசம், சாதா மாசம்னு சொன்ன மாசங்கள்லயே 1,40,000ஐ தாண்டல.

அடுத்து மழை. தீபாவளிக்கு முன்னாடி கடைசி மூணு நாள்லதான் நம்ம மாதிரி சின்ன கடையில கூட்டம், அந்த மூணு நாளும் மழை பிடிச்சுகிட்டா 4 லட்சம் 2,50,000 ஆயிடும். 1,50,000 விற்பனை போச்சுன்னா 30,000 லாபம் போச்சு, மிச்ச சரக்கும் நம்ம தலைல. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் பாண்டி பக்கம் கரைய கடந்தப்ப தீபாவளி ஒரு மாசம் முன்னாடியே முடிஞ்சிருந்துச்சு, அதனால மந்த மாசத்தோட போச்சு. அதே மழை தீபாவளி வாரத்துல வந்திருந்தா என்ன ஆகும்னு ஒரு கணக்கு தனியா போட்டு வைங்க. ஒரு பண்டிகை படுத்துட்டாலும் அடுத்த பொங்கல் வரைக்கும் வாடகை கட்ட முடியுமான்னு பாக்குறதுதான் நம்ம கரையோர ஊர்ல நிஜமான சோதனை.

உங்க நம்பருக்கு வர்றேன். வாடகை என்னவிட 3,000 கூட, சம்பளம் 1,000 கூட, மத்ததெல்லாம் என்ன மாதிரியேன்னு வச்சா 44,000. பாண்டில இன்னொன்னும் இருக்கு. இங்க தமிழ்நாட்டுல சரக்கு மட்டும் விக்கிற கடைக்கு வருஷ விற்பனை 40 லட்சம் வரைக்கும் ஜிஎஸ்டி பதிவு வேண்டாம், பாண்டில அந்த எல்லை 20 லட்சம். மாசம் 2 லட்சம் வித்தாலே நீங்க உள்ள வந்துடுவீங்க. சின்ன வியாபாரிங்களுக்குன்னு ஜிஎஸ்டில இருக்கிற காம்பொசிஷன் ஸ்கீம் எடுத்தா விற்பனைல 1 பர்சென்ட் நீங்க கைலேர்ந்து கட்டணும், கஸ்டமர்கிட்ட தனியா வாங்க முடியாது. அது வாடகை மாதிரி செலவு இல்ல, விக்க விக்க போறது, அதனால மார்ஜின்ல கழிக்கணும், 20 போய் 19. 44,000ஐ 0.19ஆல வகுத்தா 2,31,600 போல வருது. வாடகையும் சம்பளமும் 25,000, 40 பர்சென்ட் மார்ஜின்னு நீங்களும் என்ன மாதிரி போட்டிருந்தா உங்களுக்கும் 62,500தான் வந்திருக்கும்.

இந்த 2,31,600ஐ பில்லா மாத்துங்க, அப்போதான் புரியும். நம்ம கடையில ஒரு பில் சராசரி 500 ரூபா, அப்போ மாசம் 463 பில், ஒரு நாளைக்கு 15, 16 பில். உள்ள வர்ற ரெண்டு குடும்பத்துல ஒண்ணு வாங்கும், ஆக தினம் 31 குடும்பம் படியேறணும். நீங்க பாத்து வச்சிருக்கிற தெருவுல ஒரு செவ்வாக்கிழமை காலைல 11 மணிக்கு, அப்புறம் சாயந்தரம் 7 மணிக்கு, ஒரு ஞாயித்துக்கிழமைன்னு மூணு தடவ போய் எதிர் டீக்கடையில நின்னு, பக்கத்து துணிக்கடைக்குள்ள எத்தன பேர் போறாங்க, எத்தன பேர் கைல பையோட வர்றாங்கன்னு எண்ணிட்டு வாங்க. மந்த நாள்ல அங்க பத்து குடும்பம்தான் ஏறுதுன்னா உங்க வாடகை அந்த தெருவுக்கு ஜாஸ்தி. மார்ஜின் 19னா வாடகைல ஒவ்வொரு 1,000மும் மாசம் 5,260 விற்பனைய கூட கேக்கும், ஓனர்கிட்ட பேசுறப்ப அத மனசுல வச்சுக்கோங்க.

முடிஞ்சா என்ன மாதிரி தை கடைசில திறக்காதீங்க. ஆடி முடிஞ்சு ஆவணில திறந்தா ரெண்டு மாசத்துல தீபாவளி, நடுவுல மழை, உடனே பொங்கல். பழகின கடைக்கு அந்த கணக்குல தீபாவளி வரைக்கும் துண்டு 4,000தான். புதுக்கடைக்கு முதல் தீபாவளிக்கே 4 லட்சம் வராது, நீங்க பாதின்னு போட்டுக்கோங்க, சரக்கும் அந்த பாதிக்கு மட்டும் எடுங்க, சப்ளையர் கடனுக்கு தர்றேன்னு சொன்னாலும் 16, 18 சைஸ் அதிகமா அள்ளாதீங்க.