அவுஸ்திரேலியாவா, ஆஸ்திரேலியாவா? ஒரே கையேட்டுல ரெண்டு நாட்டுத் தமிழ் வந்தா என்ன பண்றது

கேள்வி: மெல்பர்ன்ல வார இறுதி தமிழ்ப் பள்ளி நடத்துறோம், பெற்றோருக்கு ஒரு கையேடு ரெடி பண்ணிட்டு இருக்கோம். எழுதினவங்கள்ல பாதிப் பேர் தமிழ்நாடு, பாதிப் பேர் யாழ்ப்பாணம். ஒரு பக்கத்துல ஆஸ்திரேலியா, அடுத்த பக்கத்துல அவுஸ்திரேலியா. ஒருத்தர் தேர்வுன்றாங்க, இன்னொருத்தர் பரீட்சைன்றாங்க. எது சரி, எப்படி ஒரே மாதிரி ஆக்குறது?

பதில்: ரெண்டுமே சரிதாங்க, அதனால "எது சரி"ன்னு மீட்டிங்ல உக்காந்து சண்டை போட்டா விடியவே விடியாது. கேக்க வேண்டியது இதை யாரு படிக்கப்போறாங்கன்றதுதான். படிக்கிறவங்களும் பாதிப் பாதின்னா என் ஓட்டு பசங்க கையில இருக்குற பாடப்புத்தகத்துக்கு. அது எந்த நாட்டு வழக்குல இருக்கோ அதையே கையேட்டுக்கும் வெச்சுக்குங்க, இல்லன்னா பிள்ளை வீட்டுல "பரீட்சை"ன்னு படிக்கும், அம்மா கையில இருக்குற தாள்ல "தேர்வு"ன்னு இருக்கும்.

முதல்ல எழுத்துக்கூட்டல். இது ஆளாளுக்கு இஷ்டத்துக்கு எழுதுறதுன்னு தோணும், ஆனா உள்ள ஒரு ஒழுங்கு இருக்கு. இங்கிலீஷ்ல குட்டியா வர்ற 'ஒ' மாதிரி சத்தத்தை தமிழ்நாட்டுல ஆ-ன்னு எழுதுவோம், இலங்கையில ஒ-ன்னு எழுதுவாங்க. அதான் நமக்கு டாக்டர், அவங்களுக்கு டொக்டர். நமக்கு ஆக்ஸ்போர்டு, அவங்களுக்கு ஒக்ஸ்போர்ட். இன்னொண்ணு ட சத்தம். யாழ்ப்பாணத்துப் பேச்சுல ற்ற-ன்றது கிட்டத்தட்ட இங்கிலீஷ் ட மாதிரியே ஒலிக்கும், அதனால பேட்டரி அங்க பற்றரி, பெட்ரோல் அங்க பெற்றோல். ட-க்கு ர போடுறதும் உண்டு, டொரண்டோ அங்க ரொறன்ரோ. இதைப் பிழைன்னு நினைச்சு திருத்துறவங்க நம்ம ஆளுங்கள்ல நிறைய பேர் இருக்காங்க, அது பிழை இல்ல, வேற காது, அவ்வளவுதான்.

இது ஏன் முக்கியம்னா, நீங்க அவுஸ்திரேலியான்னு முடிவு பண்ணிட்டா அந்த ஒரு சொல்லோட நிக்காது. டாக்டர் டொக்டர் ஆகணும், அக்டோபர் ஒக்டோபர் ஆகணும், தேதி திகதி ஆகணும். இலங்கை எழுத்துலயும் ரெண்டு கட்சி உண்டு, சிலர் ட போட்டு ஒக்டோபர்ன்னு எழுதுவாங்க, சிலர் ர போட்டு ஒக்ரோபர்ன்னு எழுதுவாங்க, ஆஸ்திரேலியாவையே ஒஸ்ரேலியான்னு எழுதுறவங்களும் இருக்காங்க. அதனால "இலங்கை வழக்கு"ன்னு மட்டும் சொல்லி விட்டுடாதீங்க, அதுக்குள்ளயும் எதுன்னு எழுதி வெச்சுடுங்க. ஜூலையா யூலையான்றதும் அப்படித்தான்.

அடுத்தது சொற்கள், இதுல பாதி சிக்கலே இல்ல. வைத்தியசாலைன்னா மருத்துவமனைன்னு யாருக்கும் புரியும். ஆபத்து எதுலன்னா, ரெண்டு நாட்டுலயும் இருக்குற அதே சொல் வேற அர்த்தத்துல வர்றப்போதான். பள்ளிக் கையேட்டுல பாருங்க, "அதிபரைச் சந்திக்கவும்"னு யாழ்ப்பாணக்காரர் எழுதினா அவர் சொல்றது தலைமை ஆசிரியரை, சென்னைக்காரருக்கு அதிபர்னா நாட்டோட பிரெசிடென்ட், இல்லன்னா கம்பெனி முதலாளி. "தரம் 3"ன்னா அங்க மூணாம் வகுப்பு, நமக்கு மூணாந்தர சரக்கு மாதிரி இருக்கும்! இந்த மாதிரிச் சொல்லுக்கு மட்டும், முதல் தடவை வர்ற இடத்துல பக்கத்துலயே இன்னொரு நாட்டுச் சொல்லையும் போட்டுடுங்க, "அதிபர், அதாவது தலைமை ஆசிரியர்"ன்னு. எல்லாச் சொல்லுக்கும் இப்படிப் போட ஆரம்பிச்சா கையேடு அகராதி ஆயிடும், அது வேண்டாம்.

இப்போ மாத்துற வேலை. இலங்கை வழக்குன்னு முடிவாச்சு, தேர்வு எல்லாத்தையும் பரீட்சை ஆக்கணும்னு வெச்சுக்குவோம். ஃபைண்ட்ல "தேர்வு"ன்னு போட்டு ரீப்ளேஸ் ஆல் அடிச்சீங்கன்னா மூணு விதமா மாட்டுவீங்க.

ஒண்ணு, பாதி கிடைக்காது. "தேர்வில்", "தேர்வை"ல எல்லாம் கடைசி உகரமே இல்ல, அதனால "தேர்வு"ன்னு தேடினா அதெல்லாம் சிக்காது. "தேர்வ"ன்னு உகரம் இல்லாம தேடுங்க, பெரும்பாலான எடிட்டர்ல எல்லா வேற்றுமையும் வந்துடும்.

ரெண்டு, மாத்தக்கூடாததும் மாறும். "நிர்வாகக் குழுவைத் தேர்வு செய்வோம்"ன்றது "நிர்வாகக் குழுவைத் பரீட்சை செய்வோம்"னு ஆயிடும், பெற்றோர் சங்கமே சிரிக்கும். இலங்கையில தேர்வுன்னா பெரும்பாலும் இந்தத் தெரிவு செய்றதுதான், அந்த இடத்துல அது அப்படியே இருக்கட்டும். பள்ளியைப் பாடசாலை ஆக்கப் போனாலும் இதே கதைதான், பள்ளிவாசல் பாடசாலைவாசல் ஆயிடும். எண்ணை இலக்கம் ஆக்குறது இன்னும் மோசம், எண்ணெய், எண்ணம், எண்பது எல்லாத்துலயும் எண் உக்காந்திருக்கு.

மூணாவதுதான் ரொம்பப் பேர் கவனிக்காதது, முன்னாடி இருக்குற ஒற்று. "இந்தத் தேர்வு"ல சொல்லை மட்டும் மாத்தினா "இந்தத் பரீட்சை"ன்னு நிக்கும், அது "இந்தப் பரீட்சை"ன்னு வரணும். "தேர்வு முடிவு" வந்தா "பரீட்சைப் பெறுபேறு"ன்னு மொத்தமாவே மாத்துங்க, அங்க ரிசல்ட்டுக்கு அதான் சொல்.

அதனால ரீப்ளேஸ் ஆல் வேண்டாம், ஒவ்வொண்ணா பாத்து ஓகே கொடுங்க. முடிச்சதும் "த் ப", "ப் த", "ச் ப", "ப் ச"ன்னு நடுவுல ஸ்பேஸ் விட்டு தேடிப் பாருங்க, தப்பா ஒட்டிக்கிட்டு நிக்கிற ஒற்று அங்கங்க மாட்டும். ஒற்று விட்டுப்போன இடம் இதுல சிக்காது, அதுக்குக் கண்ணால ஒரு தடவை படிச்சே ஆகணும்.

கண்ணுக்குத் தெரியாத வில்லன் ஒண்ணு இருக்கு. "கொ"-ல ககரத்துக்கு ரெண்டு பக்கமும் வர்ற கொம்பையும் காலையும் சில கீபோர்டு சேத்து ஒரே குறியா சேமிக்கும், சிலது ஒற்றைக்கொம்பு தனி, கால் தனின்னு ரெண்டு குறியா சேமிக்கும். திரையில ஒரே மாதிரிதான் தெரியும், ஆனா "ஒக்டோபர்"ன்னு தேடினா "டோ" அப்படி உடைஞ்சு கிடக்குறது சில மென்பொருள்ல கிடைக்காது. பலபேர் டைப் பண்ண ஃபைல்னா தேட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே பைத்தான்ல ஃபைலோட மொத்த எழுத்தையும் s-ல வாங்கிட்டு இதை ஓட்டிடுங்க:

```
import unicodedata
s = unicodedata.normalize("NFC", s)
```

ஆனா ௌ போட வேண்டிய இடத்துல கொம்பும் ளகரமும் சேத்து அடிச்சு வெச்சிருந்தா இது சரி பண்ணாது, அது வேற எழுத்தாவே போயிடும். "கௌரவ" மாதிரிச் சொற்களை ரெண்டு விதமாவும் டைப் பண்ணித் தேடணும்.

எதைத் தொடக்கூடாதுன்னும் முதல்லயே சொல்லி வைங்க. அமைப்புகளோட பேர், ஆட்கள் பேர், மேற்கோள். கல்வி வெளியீட்டுத் திணைக்களம்னு இலங்கைப் பாடநூல் வெளியிடுற அலுவலகத்தோட பேர் இருந்தா, கையேடு தமிழ்நாட்டு வழக்குலயே இருந்தாலும் அது "துறை" ஆகக்கூடாது. உங்க பள்ளியோட பேர்ல "பள்ளி"ன்னு பதிவாகியிருந்தா அதுவும் அப்படியேதான்.

இதெல்லாம் ஒரு பக்கத்துக்குள்ள அடங்கும். எடுத்த சொல், விட்ட சொல், தொடக்கூடாத பேர்னு மூணு பத்தி போட்டு எழுதினவங்க எல்லாருக்கும் அனுப்பிடுங்க, அடுத்த பதிப்புக்கும் அதே தாள்தான். அப்புறம் அட்டை, படத்துக்குள்ள இருக்குற எழுத்து, பக்கத் தலைப்பு இதெல்லாம் ஃபைண்ட்ல சிக்காம தப்பிக்கிறது உண்டு, பிரிண்டுக்குக் கொடுக்குறதுக்கு முன்னாடி அதை மட்டும் தனியா ஒருத்தர் பாக்கட்டும்.