நடுக்கடலில் கரை கிடையாது: வானொலி நாடகத்தில் புயல் காட்சி – கேள்வி பதில்

பாலக்கோடு ஆசிரியை: ஐயா, பள்ளிப் பிள்ளைகளை வைத்து நாலு நிமிஷப் புயல் காட்சி ஒன்று பதிவு செய்கிறோம். படகில் அப்பா, மகன், கூடப் போன ஒருவர். கதைசொல்லி கிடையாது. எங்கிருந்து தொடங்குவது?

டீச்சர், புயலை அப்புறம் பார்க்கலாம், முதலில் படகைச் செய்யுங்கள். கேட்கிறவர் படகில் உட்கார்ந்த பிறகுதான் படகு ஆடுவது அவருக்குத் தெரியும். முதல் 40 நொடி அமைதியாக இருக்கட்டும். எஞ்சின் ஒரே சீராக ஓடுகிறது, படகின் பக்கவாட்டில் தண்ணீர் 'சளக் சளக்' என்று படுகிறது, வலை இழுபடுகிறது, பையன் ஏதோ முணுமுணுக்கிறான். இந்த நாலு சத்தமும் காதுக்குப் பழகிவிட வேண்டும். அதன் பிறகு இவற்றில் வரும் மாற்றமே புயல்.

நான் அதிகம் நம்புவது எஞ்சினை. பெரிய அலை படகின் பின்பக்கத்தைத் தூக்கும்போது விசிறி தண்ணீரை விட்டு வெளியே வந்துவிடும். பிடிமானம் இல்லாமல் எஞ்சின் 'வீ'ரென்று அலறும். பின்பக்கம் மறுபடி தண்ணீரில் இறங்கியதும் திணறி, முக்கி, பழைய ஓட்டத்துக்கு வரும். இது ஒன்று போதும், அலை எவ்வளவு உயரம் என்பது கேட்கிறவருக்குப் புரிந்துவிடும். 'ஐயோ, எவ்வளவு பெரிய அலை' என்று யாரும் வசனம் பேச வேண்டாம். இந்த அலறல் 8 முதல் 10 நொடிக்கு ஒரு தடவை வரட்டும், ஆனால் கடிகாரம் போல வரக்கூடாது. 8, 11, 7 என்று முன்பின்னாக வையுங்கள்.

ஒரு நிமிஷம் வாக்கில் காற்று ஏறுகிறது. அப்பா ஒரு வாக்கியத்தைப் பாதியில் நிறுத்துகிறார், அவ்வளவுதான். ஒன்றரை நிமிஷத்தில் முதல் இடி. வானொலியில் மின்னலைக் காட்ட முடியாது, ஆகவே பையனின் மூச்சுதான் மின்னல். அவன் சட்டென்று மூச்சை உள்ளே இழுக்கிறான். 6 நொடி கழித்து இடி உருளுகிறது. ஒலி நொடிக்கு சுமார் 340 மீட்டர் போகும் என்பதால் மின்னல் 2 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று கணக்கு. அடுத்த தடவை மூச்சுக்கும் இடிக்கும் நடுவே 3 நொடி, அதற்கடுத்து 1 நொடி. கேட்கிறவர் யாரும் கணக்குப் போட மாட்டார், ஆனால் புயல் தன் மேல் வருவது அவர் உடம்புக்குத் தெரிந்துவிடும்.

மூன்றாவது நிமிஷத்தில் எஞ்சின் நிற்கட்டும். அதுவரை காட்சியைத் தாங்கிய சத்தம் போனதும் காற்றும் தண்ணீரும் மட்டும் மிஞ்சும். அங்கே யாரும் பேச வேண்டாம். பிறகு டப்பாவால் தண்ணீர் இறைக்கும் சத்தம். படகு நிறைய தண்ணீர் இருக்கும்போது டப்பா 'கொப்' என்று முங்கும். குறையக் குறைய அடியில் 'கரக் கரக்' என்று உரசும். பிழைத்தார்களா என்பதை அந்த உரசலே சொல்லிவிடும்.

முடித்ததும் வசனத்தை எல்லாம் எடுத்துவிட்டு, சத்தத்தை மட்டும் கதை தெரியாத ஒரு பிள்ளைக்குப் போட்டுக் காட்டி, என்ன நடந்தது என்று கேளுங்கள்.

கிருஷ்ணகிரி வாசகர்: பின்னணியில் சோகமாக வயலின் சேர்க்கலாமா?

இந்தக் காட்சியில் வேண்டாம். இசை வந்ததும் கேட்கிறவர் படகிலிருந்து இறங்கி அரங்கில் உட்கார்ந்துவிடுவார்.

பென்னாகரம் மாணவர்: அண்ணா, ஒகேனக்கல் அருவியைப் பக்கத்தில் நின்று போனில் பதிவு செய்து வைத்திருக்கிறேன். பயங்கரமாக இருக்கிறது. அதைக் கடலாகப் போடலாமா?

தம்பி, அப்படியே போட்டால் அது அருவியாகத்தான் கேட்கும். அருவிக்குத் தொடக்கமும் முடிவும் கிடையாது, விடாமல் ஒரே இரைச்சல். அலை வரும், மோதும், அடங்கும். காது தேடுவது அந்த வருகையையும் அடங்கலையும்தான். இன்னொரு சங்கதி: போன் தானாகவே சத்தத்தைச் சமப்படுத்தும். பெரிய சத்தத்தை அமுக்கும், சின்னதைத் தூக்கும். உன் பதிவில் ஏற்ற இறக்கம் ஏதாவது இருந்திருந்தாலும் அது போயிருக்கும்.

அதே மாணவர்: எடிட்டில் சத்தத்தை ஏற்றி இறக்கினால் அலை ஆகிவிடாதா அண்ணா?

பாதி சரி. நானும் ஒரு காலத்தில் அப்படிச் செய்து பார்த்தவன். கேட்டால், அருவிக்கரையில் உள்ள ஒரு வீட்டுக் கதவை யாரோ திறந்து மூடுவது போல இருந்தது. அலையில் அளவு மட்டுமா மாறுகிறது, தன்மையும் மாறுகிறது. முதலில் கனமான 'தொம்', பிறகு 'ஸ்ஸ்' என்று நுரை விரிந்து மெலிந்து போகும். ஆகவே ஏற்றும்போது கீச்சுப் பகுதியைத் திறந்துவிடு, இறக்கும்போது அதையும் சேர்த்து மூடு. படகில் மோதும் 'தொம்' அருவியில் கிடைக்காது, அதைத் தனியாகச் செய்ய வேண்டும். பாதி தண்ணீர் நிரப்பிய நீல பிளாஸ்டிக் டிரம்மை ஆட்டிப் பதிவு செய், பைபர் படகுக்கு அது நன்றாகப் பொருந்தும்.

ஓசூரில் வேலை பார்க்கும் நாகப்பட்டினத்துக்காரர்: ஐயா, குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும். எங்க அப்பா 30 வருஷம் கடலுக்குப் போனவர், நானும் போயிருக்கேன். காற்று முற்றும்போது அலையின் தலையெல்லாம் சிதறி, நடுக்கடலிலும் விடாத இரைச்சல் இருக்கும். அருவி முழுத்தப்பு இல்லை.

நல்லவேளை சொன்னீர்கள். நான் காதால் கற்றவன், நீங்கள் உள்ளே இருந்தவர். அருவியைக் காட்சி முழுக்கப் போடலாகாது என்பதை மாற்றிக்கொள்ள மாட்டேன், ஆனால் புயல் உச்சத்தில் ஒரு 20 நொடி அதை அடியில் ஓடவிடலாம் என்று ஒப்புக்கொள்கிறேன்.

அவரே: 20 நொடி போதாது ஐயா. உச்சம் அப்படிச் சட்டென்று முடியாது. இன்னொன்று, அந்த நேரத்தில் யாரும் வாக்கியம் பேச மாட்டோம். படகின் முன்பக்கம் அணியத்தில் இருப்பவன் கையைக் காட்டுவான், பின்பக்கம் அமரத்தில் இருப்பவன் பார்ப்பான். வாயைத் திறந்தால் ஒரே சொல்தான்: "பிடி!", "விடு!", "திருப்பு!"

பேச்சைப் பற்றி நீங்கள் சொன்னது எல்லாருக்கும் பயன்படும். டீச்சர், உங்கள் வசனத்தில் மூன்று சொல்லுக்கு மேல் போகும் வரிகளை உச்சத்திலிருந்து முன்னே தள்ளிவிடுங்கள். கை காட்டுவது மட்டும் நமக்கு உதவாது, காதுக்குக் கை தெரியாதே. அதற்குப் பதில் படகுப் பலகையில் இரண்டு தட்டு தட்டலாம்.

இரைச்சலின் நீளத்தில் இன்னும் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. கடலில் அது அரை மணி நேரம் நீடிக்கலாம். ஆனால் வீட்டில் கேட்பவரின் காது, மாறாத சத்தத்தைக் கொஞ்ச நேரத்திலேயே ஒதுக்கிவிடும். அப்புறம் அந்த இரைச்சல் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

அவரே: ஒதுங்கினால் ஒதுங்கட்டும் ஐயா. எங்களுக்கும் அப்படித்தான் ஒதுங்கும். அதற்குப் பிறகுதான் பயம் வரும்.

இதை இரண்டு விதமாகவும் பதிவு செய்து கேட்டுப் பார்க்கிறேன்.

பென்னாகரம் வாசகி: எங்க மாமா பரிசல் ஓட்டுகிறார். பரிசல் அடியில் தண்ணீர் மோதும் சத்தத்தை எடுத்தால் ஆகுமா?

ஆற்றுக் கதைக்கு அருமையான சத்தம் அம்மா, எடுத்து வையுங்கள். கடல் படகுக்கு ஆகாது. மூங்கில் பின்னலும் அதன் மேல் போர்த்திய தோலோ தார்ப்பாயோ மோதலை வாங்கி அமுக்கிவிடும். பைபர் படகு அதை 'டப்'பென்று திருப்பி அடிக்கும்.

காவேரிப்பட்டணம் வாசகர்: கே.ஆர்.பி. அணை மதகைத் திறந்தபோது எடுத்த சத்தம் இருக்கிறது, கடலுக்கு வருமா?

மதகும் அருவியின் தம்பிதான். பென்னாகரம் மாணவருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

அரூர் வாசகர்: துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிறார்களே, 3ஆம் எண்ணுக்கும் 5ஆம் எண்ணுக்கும் என்ன வித்தியாசம்?

அது வானிலை ஆய்வு மையத்தைக் கேட்க வேண்டியது. நான் ஒலிக்காரன்.

தர்மபுரி கல்லூரி மாணவி: கடலோரத்தில் எடுத்த அலைச் சத்தம் நிறைய கிடைக்கிறது. அதையே போட்டால் என்ன?

கரையில் அலை மணலில் புரண்டு உடையும், பின்வாங்கும்போது கூழாங்கல்லை இழுக்கும். நடுக்கடலில் மணல் ஏது? அந்தச் சத்தத்தைப் போட்ட உடனே உங்கள் மீனவர் கரையேறிவிட்டார் என்று அர்த்தம். காக்கைச் சத்தமும் அப்படித்தான்.

ஊத்தங்கரை நாடகக் குழு: நடிக்கிறவர் கத்தினால் பதிவு உடைகிறது, மெதுவாகப் பேசினால் புயலில் இருப்பது போல இல்லை. என்ன செய்வது?

அமைதியான அறையில் நின்று கத்துகிற குரல் நாடகக் குரலாகத்தான் இருக்கும். காற்றுச் சத்தத்தை ஹெட்ஃபோனில் நடிகரின் காதில் ஓடவிட்டுப் பேசச் சொல்லுங்கள். இரைச்சலில் பேசும் மனிதரின் குரல் தானாக உயரும், உயிரெழுத்துகள் நீளும், தொண்டை இறுகும். இதை நடித்துக் கொண்டுவர முடியாது. மைக்கிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி நின்று, வாயை நேராக மைக்குக்குக் காட்டாமல் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பிக் கத்தச் சொல்லுங்கள். பதிவு உடையாது, குரலைக் காற்று அள்ளிக்கொண்டு போவது போலவும் இருக்கும்.

கலக்கும்போது பேச்சு வரும் இடத்தில் புயலை 6 முதல் 10 டெசிபல் இறக்குங்கள், பேச்சு முடிந்ததும் ஏற்றுங்கள். மெய்யெழுத்துகள் தெளிவது 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில். மழையும் காற்றும் அங்கேதான் வந்து மூடும். புயல் ஒலியில் அந்த இடத்தை மட்டும் குறைத்தால் மொத்தத்தையும் அதிகம் இறக்க வேண்டியிருக்காது.

மத்தூர் வாசகர்: காற்றுக்கு மைக்கில் வாயால் ஊதுகிறோம், சரிதானே?

சரியில்லை. அது மைக்கின் கோளாறுச் சத்தம், 'புஸ் புஸ்' என்றுதான் வரும். பழைய வானொலி நிலையங்களில் மரச்சட்டங்கள் அடித்த உருளையின் மேல் முரட்டுத் துணியை இறுக்கிப் போட்டுச் சுற்றுவார்கள். வேகமாகச் சுற்றினால் காற்றின் சுருதி ஏறும். ஒரு தச்சர் அரைநாளில் செய்து தருவார். மழைத்தூறலுக்கும் நுரைக்கும் முறத்தில் கேழ்வரகைப் போட்டு மெல்லச் சாய்த்துச் சாய்த்து எடுங்கள். கொள்ளு வேண்டாம், சரளைக்கல் போலக் கேட்கும்.

இன்னொருவர்: மெரினாவில் எடுத்த அலைச் சத்தம்...

கரை. நடுக்கடலில் கரை கிடையாது.

பாலக்கோடு ஆசிரியை: ஐயா, நீங்கள் சொன்னபடி முதல் ஒரு நிமிஷத்தைச் செய்து, வேறு வகுப்புப் பிள்ளைகளுக்கு வசனம் இல்லாமல் போட்டேன். பாதிப்பேர் "பம்ப்செட்டு ஓடுது, தோட்டத்துக்குத் தண்ணி பாயுது" என்கிறார்கள்!

கடலையே பார்க்காத பிள்ளைகளின் காதில் எஞ்சினும் தண்ணீரும் சேர்ந்தால் பம்ப்செட்தான் டீச்சர். அவர்கள் சரியாகத்தான் கேட்டிருக்கிறார்கள், நான்தான் நம் ஊரை மறந்துவிட்டேன். எஞ்சினை 10 நொடி தள்ளி வையுங்கள். முதலில் டிரம்மின் 'டப்', பலகை கிரீச்சிடுவது, பையன் தடுமாறி எதையோ பிடிப்பது. தரை ஆடுகிறது என்பது முதலில் தெரியட்டும். பம்ப்செட் ஆடாது. அதன் பிறகு கயிறு இழுத்து எஞ்சினைக் கிளப்பும் சத்தம், இரண்டு தடவை கிளம்பாமல் மூன்றாவதில் கிளம்பட்டும். போட்டுக் காட்டிவிட்டு என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். இன்னும் பம்ப்செட் என்றால், எஞ்சினுக்கு முன்னால் அப்பாவுக்கு ஒரே ஒரு சொல் கொடுத்துவிடலாம்.