தையல் மெஷின்: தவணையா, சேர்த்து வாங்கவா? – வாசகர் கேள்வி பதில்

அப்பா அவிநாசியில் தையல் கடை வைத்திருக்கிறார். கால் மெஷின் ஒன்றுதான். பகலில் அப்பா தைப்பார். நான் கட்டிங், ஹெம்மிங், ஊக்கு வைப்பது. ராத்திரி அவர் மெஷினை விட்டு எழுந்த பிறகு நான் உட்கார்ந்து ஜாக்கெட் தைத்து மாசம் 1,800 ரூபாய் மிச்சம் பிடிக்கிறேன். கையில் 8,500 இருக்குதுங்க. திருப்பூர்க் கடையில் பவர் மெஷின் 26,000. முன்பணம் 8,000, மீதி 18,000க்கு ஒன்றரை வட்டி, மாசம் 1,770 வீதம் 12 தவணை. டாக்குமெண்ட் செலவு 500 தனி. அப்பா "கடனே வேண்டாம், சேர்த்து வாங்கு" என்கிறார். எது சரிங்க?

அம்மணி, கடிதம் வந்த அன்றே அந்தக் கடைக்குப் போன் போட்டு, தவணை என்ற பேச்சே எடுக்காமல் ரொக்க விலை மட்டும் கேட்டேன். அதே மெஷின், அதே மேசை, 24,000. ஆக, தவணைக்காரருக்கு விலையிலேயே 2,000 ஏறிவிட்டது. அது வட்டிக் கணக்கில் எங்கும் தெரியாது.

இனி அந்த ஒன்றரை வட்டி. இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். 18,000க்கு மாசம் 270, பன்னிரண்டு மாசத்துக்கு 3,240 என்று போட்டிருக்கிறார்கள். ஆனால் முழு 18,000 உங்களிடம் இருப்பது முதல் மாசம் மட்டும்தானே? மாசாமாசம் அசலிலும் 1,500 திருப்பிக் கொடுக்கிறீர்கள். கடைசி மாசம் உங்களிடம் இருக்கும் கடன் 1,500. அதற்கும் 270 வட்டி. அது நூற்றுக்குப் பதினெட்டு வட்டி! ஊரில் கந்துக்காரர் அப்படிக் கேட்டால் பஞ்சாயத்துக் கூட்டுவோம், கண்ணாடி போட்ட ஷோரூமில் கேட்டால் நன்றி சொல்லிக் கையெழுத்துப் போடுகிறோம். அசல் குறையக் குறைய வட்டியும் குறைகிற கணக்கில் பார்த்தால் இந்த ஒன்றரை, இரண்டரையைத் தாண்டிவிடும். விலையில் ஏற்றிய 2,000, டாக்குமெண்ட் 500 இரண்டையும் சேர்த்தால் ஐந்து வட்டிக்கு மேல். கணக்கு இதுதான்: ரொக்க விலை 24,000, இன்றைக்கு நீங்கள் கொடுப்பது 8,500, ஆக உண்மையில் அவர்கள் உங்களுக்குக் கொடுக்கும் கடன் 15,500தான். அதற்குத் திருப்பிக் கட்டுவது 21,240. வித்தியாசம் 5,740. நானும் ஒரு மிக்ஸியை இப்படி 'சின்ன வட்டி'யில் வாங்கியவன்தான். கடைசித் தவணைக்கு முன்னாலேயே ஜார் உடைந்துவிட்டது.

அப்படியானால் அப்பா சொல்வது சரி என்று முடித்துவிடலாமா? அவசரப்பட வேண்டாம். சேர்த்து வாங்கினால் 15,500 சேர ஒன்பது மாசம் ஆகும். அந்த ஒன்பது மாசமும் மெஷின் இல்லாமல் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு. 5,740ஐ ஒன்பதால் வகுத்தால் மாசம் ஏறக்குறைய 640 ரூபாய். லைனிங் ஜாக்கெட்டுக்கு 250 வாங்கி, நூல், ஊக்கு, கரண்ட் போக உங்களுக்கு 220 நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், அது மாசம் மூன்று ஜாக்கெட். புது மெஷினால் மாசம் மூன்று ஜாக்கெட்டுக்கு மேல் கூடுதலாக தைப்பீர்கள் என்றால், தவணையை இத்தனை திட்டிய நானே தவணைதான் லாபம் என்று சொல்ல வேண்டியிருக்கும்.

'கூடுதலாக' என்பதைக் கவனியுங்கள். இப்போது ராத்திரி தைப்பதைப் பகலில் தைத்தால் அது வருமானம் ஆகாது, தூக்கம்தான் ஆகும். மெஷின் இல்லை என்பதால் நீங்கள் திருப்பி அனுப்பிய துணி மட்டும்தான் கணக்கு. ஒரு நோட்டு போடுங்கள். "இந்த வாரம் முடியாதுங்க" என்று சொன்ன ஒவ்வொரு ஜாக்கெட்டையும் தேதியோடு எழுதுங்கள். இரண்டு மாசம் கழித்துக் காட்டுங்கள்.

அதற்குள் அம்மாவிடம் ஒன்று கேட்டு வையுங்கள்: அரைப் பவுனுக்குள் சும்மா கிடக்கும் நகை ஏதாவது இருக்கிறதா என்று. கூட்டுறவு வங்கியில் அடகு வைத்தால் ஏறக்குறைய ஒரு வட்டிதான், அதுவும் நிலுவைக்கு மட்டும். ஆனால் இடையில் அசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்ட விடுவார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். விடாவிட்டால் இந்தக் கணக்கே மாறிவிடும்.

'வட்டியில்லாத் தவணை' என்று ஒரு கடையில் போர்டு வைத்திருக்கிறார்கள். நம்பலாமா? – கோபி வாசகர்

அதே பொருளுக்கு ரொக்க விலை என்ன என்று கேளுங்கள். வட்டி அங்கே உட்கார்ந்திருக்கும்.

தவணையில் மெஷின் எடுத்தேன். தேதி போடாத மூன்று காசோலை, எழுதாத புரோநோட்டு எல்லாவற்றிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். ஒப்பந்த நகல் தரவில்லை. இனி என்ன செய்வது? – ஈரோடு

படிக்காமல் போட்டுவிட்டு இனி என்ன செய்வது என்றால்? ஒரு மீட்டர் துணி வாங்கினால் சாயம் போகுமா என்று தேய்த்துப் பார்க்கிற ஊர் நம்முடையது. வெற்றுத் தாளில் மட்டும் கை தானாக ஓடுகிறது. சரி. இன்றைக்கே கடைக்கு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால் அனுப்புங்கள். காசோலை எண்களைக் குறிப்பிட்டு, "இவை தவணைக்கு ஈடாகத் தேதியும் தொகையும் எழுதாமல் தரப்பட்டவை, ஒப்பந்த நகல் தேவை" என்று எழுதுங்கள். நாளைக்கு அவர்கள் தொகையை இஷ்டத்துக்கு நிரப்பினால் இந்தக் கடிதம்தான் உங்கள் சாட்சி. கடன் கொடுத்தது பதிவு பெற்ற நிதி நிறுவனம் என்றால், எல்லாச் செலவும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதம் எழுதிய விவரத் தாளை அவர்கள் தந்தாக வேண்டும். 2024 அக்டோபர் முதல் தருகிற புதுக் கடனுக்கு இது ரிசர்வ் வங்கி விதி. அதையும் கேளுங்கள்.

கணவர் இல்லை, தைத்துத்தான் பிழைக்கிறேன். 12இல் ஒன்பது தவணை கட்டிவிட்டேன். உடம்புக்கு முடியாமல் இரண்டு மாசம் நின்றது. நான் வீட்டில் இல்லாதபோது வந்து மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். கட்டிய பணமும் போச்சா? – காங்கேயம்

போகவில்லையம்மா, போக விடவும் கூடாது. தவணை முறை வாடகைக் கொள்முதலில் கடைசித் தவணை கட்டும் வரை பொருள் அவர்கள் பெயரில்தான் இருக்கும் என்பது உண்மை. இதை ஒழுங்குபடுத்த 1972இல் ஒரு சட்டம் போட்டார்கள். அது அமலுக்கே வராமல் கிடந்து, 2005இல் நீக்கப்பட்டது. அதனால் எல்லாம் அந்த ஒப்பந்தத் தாளைப் பொறுத்தது. ஆனாலும் ஆள் இல்லாத வீட்டுக்குள் நுழைந்து எடுத்துப் போக எந்தத் தாளும் உரிமை தராது. அதற்குக் காவல் நிலையத்தில் தனியாகப் புகார் கொடுங்கள்.

ஒன்பது ரசீதையும் எடுத்து வையுங்கள். பாக்கி எவ்வளவு, மெஷினை விற்றார்களா, எவ்வளவுக்கு என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். "மெஷின் தொழிலுக்கு வாங்கியது, நீங்கள் நுகர்வோரே அல்ல" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சுயதொழில் செய்து பிழைக்க மட்டும் வாங்கியவரும், தவணையில் வாங்கியவரும் நுகர்வோர்தான் என்று 2019 சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். முதலில் நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்யுங்கள். கூடவே மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டத்துக்கும் ஒரு விண்ணப்பம் கொடுத்து வையுங்கள். கைம்பெண்களுக்கு அதில் இடம் உண்டு.

திருப்பூரில் பவர் டேபிள் யூனிட் ஒன்று மூடுகிறார்கள். ஓடின மெஷின் 11,000க்குத் தருகிறார்கள். எடுக்கலாமா? – பல்லடம்

ஓட்டிப் பார்த்து எடுங்கள். நீங்கள் தைக்கப் போகிற துணியையே கொண்டு போய், இரண்டு மடிப்பிலும் நான்கு மடிப்பிலும் வேகமாக ஓட்டுங்கள். தடிப்பு ஏறும் இடத்தில் தையல் விட்டுப் போனால் ஹூக் தேய்ந்திருக்கலாம், இல்லை டைமிங் போயிருக்கலாம். டைமிங்கை மெக்கானிக் சரி செய்துவிடுவார். ஹூக் என்றால் அந்தச் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். ஊசித் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், ஆடினால் வேண்டாம். பழைய கிளட்ச் மோட்டார் என்றால் காலை எடுத்த பிறகும் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். வீட்டுக் கரண்ட்டுக்கு சர்வோ மோட்டார்தான் சரி. எல்லாவற்றுக்கும் மேலே, அந்த யூனிட் மெஷின்களை வங்கியில் ஈடு காட்டிக் கடன் வாங்கியிருந்தால் நாளைக்கு வங்கிக்காரர் உங்கள் வீட்டு வாசலில் நிற்பார். பழைய பில்லின் நகல் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

அவிநாசியிலிருந்து மறுபடியும் நான்தாங்க. நோட்டு போட்டேன். ஆனியில் திருப்பி அனுப்பியது நான்கு. ஆடி பதினெட்டு வரை ஒன்றே ஒன்று. அதற்கப்புறம் ஆவணி முகூர்த்தத்துக்கு என்று பத்து நாளில் ஒன்பது! இப்போது கையில் 13,900 இருக்குது. அம்மா பழைய தோடு தருகிறேன் என்கிறார், கூட்டுறவு வங்கியில் அசல் கட்ட விடுவார்களாம். அப்பாதான் இன்னும் முறைக்கிறார்.

நான் சொல்ல நினைத்ததை உங்கள் நோட்டு என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டது. வேலை மாசாமாசம் ஒரே சீராக வரவில்லை, முகூர்த்தத்தை ஒட்டிக் குவிகிறது. அதனால் ஆனியிலும் ஆடி முன்பாதியிலும் மெஷின் இல்லாமல் காத்திருந்ததில் உங்களுக்குப் பெரிய நஷ்டம் இல்லை. அந்த நாளில் தவணை எடுத்திருந்தால், ஐந்து ஜாக்கெட்டில் 1,100 ரூபாய் வந்திருக்கும், அதற்குள் இரண்டு தவணைத் தேதி வந்து போயிருக்கும். இனி காத்திருந்தால்தான் நஷ்டம். பத்து நாளில் ஒன்பது ஜாக்கெட் என்றால் கிட்டத்தட்ட 2,000 ரூபாய் வாசலோடு திரும்பிப் போயிருக்கிறது. ஆவணி போனால் அடுத்து தீபாவளித் துணி வரும்.

தோட்டை வைத்து 10,000 எடுங்கள். கையில் உள்ளதோடு குறைகிற நூறு ரூபாயை அப்பாவிடம் கேளுங்கள், அவரும் பங்காளி ஆன மாதிரி இருக்கும். இப்போது சேர்க்கிற 1,800ஐ அப்படியே மாசாமாசம் அசலில் கட்டினால் ஆறு மாசத்தில் தோடு வீட்டுக்கு வந்துவிடும். ஒரு வட்டிக் கணக்கில் மொத்த வட்டி 350 ரூபாய்க்குள். தவணையில் 5,740.

கடைக்குப் போனதும் 24,000 ரொக்கம் என்றே பேச்சை ஆரம்பியுங்கள். பில் உங்கள் பெயரில் இருக்கட்டும், அப்பா பெயரில் வேண்டாம். மெஷின் தலையில் பொறித்திருக்கும் எண் பில்லில் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். மோட்டாருக்கு எத்தனை மாசம் வாரண்டி, மெக்கானிக் அவிநாசிக்கு வருவாரா, நீங்கள் திருப்பூருக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்பதையும் அதே பில்லில் எழுதி வாங்குங்கள்.