காங்கேயத்தில் ஒருவர், தாராபுரத்தில் ஒருவர்

வணக்கம் ஐயா. என் மகளின் நூலில் ஒரு கணக்கு. காங்கேயத்திலிருந்து ஒருவரும் தாராபுரத்திலிருந்து ஒருவரும் காலை 6 மணிக்கு மிதிவண்டியில் எதிரெதிரே புறப்பட்டு, காங்கேயத்திலிருந்து 12 கி.மீ.யில் சந்திக்கிறார்கள். எதிர் ஊரைத் தொட்டதும் திரும்பி, தாராபுரத்திலிருந்து 4 கி.மீ.யில் மறுபடி சந்திக்கிறார்கள். சாலையின் நீளம் என்ன? ‘முதல் எண்ணை மூன்றால் பெருக்கி இரண்டாவதைக் கழி’ என்று மட்டுமே நூலில் இருக்கிறது. மனப்பாடம் செய்யச் சொல்லலாமா? இவளை இப்போதே போட்டித் தேர்வுப் பயிற்சிக்கு அனுப்பலாமா?
— ஒரு வாசகி, கோபி

அன்புள்ள அம்மணி,

பயிற்சி வகுப்பைப் பற்றி உங்கள் வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். மனப்பாடம் வேண்டவே வேண்டாம். அந்த ‘மூன்று’ எங்கிருந்து வந்தது என்று குழந்தை கேட்டிருப்பாள்; கேட்ட குழந்தையிடம் விதியை நீட்டுவது அவளை வாயடைக்கும் செயல்.

முதல் சந்திப்பின்போது இருவரும் கடந்த தொலைவுகளைக் கூட்டினால் சரியாக ஒரு சாலை. பிறகு ஒவ்வொருவரும் எதிர் ஊரை அடையும்போது, இருவருக்குமாக இரண்டு சாலைகள். திரும்பி வந்து மறுபடி சந்திக்கும்போது மூன்று சாலைகள். வேகம் மாறாமலும் இடையில் நிற்காமலும் சென்றதால், ஒரு சாலைக்கு ஆன நேரத்தைப் போல மும்மடங்கு நேரம் ஆகியிருக்கும். ஆகவே ஒவ்வொருவரும் தத்தம் முதல் தொலைவைப் போல மும்மடங்கு சென்றிருப்பார். காங்கேயத்துக்காரர் 36 கி.மீ. வந்திருக்கிறார், அதில் தாராபுரத்தைத் தொட்டுத் திரும்பிய 4 கி.மீ. போக, சாலை 32 கி.மீ. முதலில் 7 மணிக்குச் சந்தித்தார்கள் என்றால், மறுபடி சந்திப்பது 9 மணிக்கு.

உங்கள் கடிதம் என் தாய்மாமனை நினைவுபடுத்திவிட்டது. அவர் ரயில்வே கட்டுப்பாட்டு அலுவலகத்தில் வேலை பார்த்தவர். அகலமான தாளில் நேரம் குறுக்காகவும் நிலையங்கள் நெடுக்காகவும் இருக்கும். ஒவ்வொரு வண்டியும் ஒரு சாய்கோடு. இரண்டு கோடுகள் வெட்டும் புள்ளிதான் வண்டிகள் சந்திக்கும் இடமும் நேரமும். போத்தனூர்–பொள்ளாச்சி போன்ற ஒற்றைப் பாதையில் அந்தப் புள்ளி ஒரு நிலையத்தில்தான் விழ வேண்டும். நடுவழியில் விழுந்தால் ஒரு வண்டியை முந்தைய நிலையத்திலேயே நிறுத்திவைப்பார்கள். உங்கள் மகளுக்கும் ஒரு கட்டத்தாளைக் கொடுத்து, ஊரைத் தொட்ட இடத்தில் கோட்டை மடக்கி வரையச் சொல்லுங்கள்.

வரைந்தால்தான் விதி பொய்க்கும் இடமும் தெரியும். அதே 32 கி.மீ. சாலையில் காங்கேயத்துக்காரர் மணிக்கு 8 கி.மீ., தாராபுரத்துக்காரர் மணிக்கு 24 கி.மீ. வேகத்தில் செல்லட்டும். 7 மணிக்குக் காங்கேயத்திலிருந்து 8 கி.மீ.யில் சந்திப்பார்கள். வேகமானவர் காங்கேயத்தைத் தொட்டுத் திரும்பி, 8 மணிக்கு நடுச்சாலையில் மற்றவரைப் பின்னாலிருந்து பிடித்துவிடுவார். மெதுவானவர் அப்போது தாராபுரத்தையே அடைந்திருக்கமாட்டார். அந்த 16 கி.மீ.யை விதியில் போட்டால், முதல் சந்திப்பே 8 கி.மீ.யில் நடந்த சாலையின் மொத்த நீளமும் 8 கி.மீ. என்று வரும். ஒருவர் வேகம் மற்றவருடையதைப் போல இரு மடங்குக்கு மேல் போனால், இரண்டாம் முறை நடப்பது எதிர்ப்படுதல் அல்ல, முந்துதல். இருவருமாக மூன்று சாலைகளைக் கடக்கும் சந்திப்பு அதற்கும் பிறகு, மூன்றாவதாகத்தான் வரும்; அப்போதும் மெதுவானவர் எதிர் ஊரை அடைந்திருக்கமாட்டார் என்பதால், விதி அங்கும் பொருந்தாது.