சரக்கு தீர்ந்ததும் வாடிக்கையாளர் காத்திருப்பாரா, போய்விடுவாரா: ரீஆர்டர் கணக்கில் எது மாறும்?

கேள்வி: ரீஆர்டர் பாயின்ட்டுக்கு பேக்ஆர்டர் சூத்திரம் ஒன்று, லாஸ்ட் சேல்ஸ் சூத்திரம் ஒன்று என்று பாடத்தில் இருக்கிறது. எண்களைப் போட்டுப் பார்த்தால் இரண்டுக்கும் நாலைந்து பீஸ்தான் வித்தியாசம். அப்புறம் எதற்கு இரண்டு?

பதில்:

நீங்கள் போட்ட கணக்கில் தப்பில்லை. பெரிய லாட்டாக எப்போதாவது வாங்கும் பொருளுக்கு அப்படித்தான் வரும். பேக்ஆர்டர் என்றால் வாடிக்கையாளர் காத்திருப்பார், லாஸ்ட் சேல்ஸ் என்றால் போய்விடுவார். அதே இரண்டு அனுமானங்களை, ஒவ்வொரு பீஸாக வாங்கும் உதிரிபாகத்துக்குப் போட்டுப் பாருங்கள், விடை எங்கேயோ போய்விடும். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் உங்கள் கணக்கு மாதிரியே ஒன்று. லீட் டைமில் சராசரி தேவை 200, திட்ட விலக்கம் 40, நார்மல் பரவல். ஒரு ஆர்டருக்கு Q = 400, வருடத் தேவை D = 2600. ஒரு பீஸை ஒரு வருடம் வைத்திருக்க h = 20, ஒரு பீஸ் தட்டுப்பட்டால் p = 15 (காத்திருந்த நேரத்துக்கு அல்ல, பீஸுக்கு). எந்த நாணயமானாலும் சரி.

```
backorder:   P(stockout) = hQ / (pD)
lost sales:  P(stockout) = hQ / (hQ + pD)
```

முதல் சூத்திரம் 0.205 தரும், அதாவது z = 0.82, ரீஆர்டர் பாயின்ட் 233. இரண்டாவது 0.170 தரும், z = 0.95, ரீஆர்டர் பாயின்ட் 238. ஐந்து பீஸ்.

இரண்டாவது சூத்திரத்தில் வகுக்கும் பக்கம் அந்த hQ எங்கிருந்து முளைத்தது என்று யோசித்தால் முழு விஷயமும் பிடிபட்டுவிடும். ரீஆர்டர் பாயின்ட்டை ஒரு பீஸ் உயர்த்துகிறோம் என்று வையுங்கள். பேக்ஆர்டரில் அந்தக் கூடுதல் பீஸ் ஒவ்வொரு சுற்றிலும் உங்கள் தலையில்தான்: தட்டுப்பாடு வராவிட்டால் அலமாரியிலேயே இருக்கும், வந்தாலும் அந்த ஒருவர் முன்பே வாங்கிப் போயிருப்பார், அதனால் புது லோடு வரும்போது வரிசையில் நிற்பவர்கள் ஒருவர் குறைவு, லோடில் ஒரு பீஸ் கூடுதலாக மிஞ்சும். இரண்டு வழியிலும் அடுத்த சுற்று முழுக்க ஒரு பீஸ் அதிகம், அதன் செலவு hQ/D. லாஸ்ட் சேல்ஸில் அப்படி இல்லை. தட்டுப்பாடு வந்த சுற்றில் அந்தப் பீஸ் விற்றுப் போய்விடும், அவ்வளவுதான். அது இல்லாவிட்டால் அந்த ஆள் வேறு கடைக்குப் போயிருப்பார், லோடு வரும்போது வரிசையே இருந்திருக்காது. ஆகவே வைத்திருக்கும் செலவு தட்டுப்பாடு வராத சுற்றுகளில் மட்டும்தான். கூடுதல் பீஸ் கொஞ்சம் மலிவாகிறது, கொஞ்சம் அதிகம் வைக்கலாம்.

ஆக, கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: லோடு இறங்கும்போது அந்தச் சரக்கு ஏற்கெனவே யாருக்காவது சொந்தமா, இல்லையா?

இந்த உதாரணத்தில் சூத்திரத்தைவிட p-தான் பெரிய ஆள். காத்திருப்பவருக்கு ஒரு போன், ஒரு தனிப் பார்சல், 15-இல் முடிந்தது. போய்விடுபவரோடு லாபமும் போகிறது, அதனால் p 40 என்று வையுங்கள். இப்போது லாஸ்ட் சேல்ஸ் சூத்திரம் 0.071 தரும், ரீஆர்டர் பாயின்ட் 259. அதே 40-ஐ பேக்ஆர்டர் சூத்திரத்தில் போட்டாலும் 257 வரும். சூத்திரத்தை மாற்றியதில் வந்தது இரண்டு பீஸ். p-யை மாற்றியதில் வந்தது இருபதுக்கு மேல். ஆகவே 15-ஐயே வைத்துக்கொண்டு சூத்திரத்தை மட்டும் மாற்றிப் பார்த்தால் "பெரிய வித்தியாசம் இல்லையே" என்றுதான் தோன்றும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. ரொம்ப மெதுவாக நகரும் பொருளில் hQ, pD-யைவிடப் பெரிதாகலாம். அப்போது பேக்ஆர்டர் சூத்திரம் 1-க்கு மேல் நிகழ்தகவு தரும். எக்செல் #NUM! என்று கத்தும். அது கோளாறு இல்லை, "இதற்கு ஸ்டாக்கே வைக்காதே, கேட்டால் வரவழைத்துக் கொடு" என்று சொல்கிறது. லாஸ்ட் சேல்ஸ் சூத்திரம் ஒருபோதும் 1-ஐத் தாண்டாது.

சரி, அடுத்தது. மேலே சொன்ன இரண்டும் ஒரு சமயத்தில் ஒரே ஒரு ஆர்டர்தான் வழியில் இருக்கும் என்ற நிலைக்கு உரியவை. லீட் டைம் நீளமாகி, ஒன்று விற்றால் ஒன்று வாங்கு என்று போகும் உதிரிபாகத்தில் ஒரே நேரத்தில் பத்து ஆர்டர் வழியில் இருக்கும். இங்கேதான் இரண்டு அனுமானங்களும் பிரிகின்றன.

தேவை பாய்சான், லீட் டைமில் சராசரி 10 பீஸ், கையிருப்பும் வழியில் இருப்பதும் சேர்த்து, பாக்கி ஆர்டர் இருந்தால் அதைக் கழித்து, எப்போதும் S என்று வைத்துக்கொள்வோம். பேக்ஆர்டர் என்றால், வந்து கேட்பவர் காலி அலமாரியைப் பார்க்கும் வாய்ப்பு, பாய்சான் எண் S அல்லது அதற்கு மேல் வரும் வாய்ப்பு. லாஸ்ட் சேல்ஸ் என்றால் அது எர்லாங்கின் பழைய தொலைபேசிச் சூத்திரம்: எல்லா லைனும் பிஸி, அழைத்தவர் வைத்துவிட்டுப் போகிறார். S லைன்களுக்குப் பதில் S பீஸ், பேசிக்கொண்டிருக்கும் லைனுக்குப் பதில் வழியில் இருக்கும் ஆர்டர். இரண்டையும் ஒரே சுழலில் எடுத்துவிடலாம்:

```python
from math import exp

def both(a, S):
    p, cdf, b = exp(-a), 0.0, 1.0
    for n in range(1, S + 1):
        cdf += p
        p *= a / n
        b = a * b / (n + a * b)
    return 1 - cdf, b    # backorder, lost sales
```

`both(10, 10)` என்று ஓட்டினால் 0.542, 0.215 என்று வரும். அதே பத்து பீஸ், அதே தேவை, அதே லீட் டைம். காத்திருக்கும் உலகத்தில் பாதிக்கு மேற்பட்டவர்கள் காலி அலமாரியைப் பார்க்கிறார்கள், போய்விடும் உலகத்தில் ஐந்தில் ஒருவர்தான். காரணம் மேலே சொன்னதேதான், பத்து மடங்காக. பேக்ஆர்டரில் வந்திறங்கும் ஒவ்வொரு பீஸையும் வரிசையில் நிற்பவர் தூக்கிக்கொண்டு போகிறார், அலமாரிக்கு ஒன்றும் வருவதில்லை. லாஸ்ட் சேல்ஸில் வந்த பீஸ் அடுத்து நுழைபவருக்காக உட்கார்ந்திருக்கிறது.

80% பேருக்குக் கையில் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்றால் பேக்ஆர்டர் கணக்குக்கு S = 14, லாஸ்ட் சேல்ஸுக்கு 11. 95% என்றால் 16, 15. சேவை நிலையை ஏற்ற ஏற்ற இரண்டும் நெருங்கிவிடும், தட்டுப்பாடே அரிது என்றால் தட்டுப்பட்டவர் என்ன செய்தார் என்பது பெரிதாகத் தெரியாது. அதனால் 98, 99% வைக்கும் இடங்களில் பேக்ஆர்டர் கணக்கையே எல்லாவற்றுக்கும் போட்டுவிட்டுப் போகலாம். விலையுயர்ந்த, நீண்ட லீட் டைம் உள்ள, 80-85% போதும் என்று விட்ட பாகங்களில் அப்படிச் செய்தால் ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று பீஸ் வீணாகப் படுத்திருக்கும். (இன்னொன்று: நீண்ட லீட் டைமும் லாஸ்ட் சேல்ஸும் சேர்ந்தால், "மொத்தத்தை S-க்கு நிரப்பு" என்ற விதியே உகந்தது இல்லை. வழியில் இருப்பது எவ்வளவு என்பதோடு எப்போது வரும் என்பதும் முடிவை மாற்றும். இதை கார்லினும் ஸ்கார்ஃபும் 1958-இலேயே காட்டிவிட்டார்கள். நடைமுறையில் S-ஐ வைத்தே ஓட்டுகிறோம்.)

இனி நான் சூடுபட்ட இடம். முன்பு ஒரு உதிரிபாகக் கிடங்கில் ஸ்டாக் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்த மென்பொருள் எல்லா மென்பொருளையும் போல, கையிருப்பு கூட்டல் வழியில் இருப்பது கழித்தல் பாக்கி ஆர்டர் என்று நிலையைக் கணக்கிட்டு, அது ரீஆர்டர் பாயின்ட்டுக்குக் கீழே போனதும் ஆர்டர் போடும். சரக்கு இல்லாதபோது கேட்டவர்களையும் கவுன்டரில் "பாக்கி" என்று பதிந்துவிடுவோம். அவர்களில் பாதிப்பேர் அன்று மாலையே வேறு எங்கோ வாங்கிவிடுவார்கள், நம்மிடம் சொல்ல மாட்டார்கள். ஒரு பெல்ட்டுக்கு கையில் 0, வழியில் 20, பாக்கி 18. நிலை 2 என்று பார்த்து மென்பொருள் இன்னொரு 20 போட்டது. லோடு வந்ததும் ஒவ்வொருவருக்காக போன் போட்டால், 18-இல் 11 பேர் "வேண்டாம்ப்பா, வாங்கிட்டோம்" என்றார்கள். மாடல் பேக்ஆர்டர், மனிதர்கள் லாஸ்ட் சேல்ஸ். சரக்கு வந்து இரண்டு மூன்று நாளில் ரத்துகள் கொத்தாக வருகிறதா என்று பாருங்கள், வந்தால் உங்களிடமும் இதேதான். பழைய பாக்கிகளை வாரம் ஒருமுறை போன் போட்டு உறுதிசெய்து, பதில் இல்லாததை நீக்கினோம், பாதி பிரச்சினை தீர்ந்தது.

எதிர்த்திசையிலும் ஒரு குழி உண்டு. போனவர்களை யாரும் பதியாவிட்டால், விற்பனைப் பதிவையே தேவை என்று எடுத்துக்கொள்வீர்கள். ஒரு வாரத்தில் 42 விற்றது, ஒரு நாள் முழுக்கக் காலி என்றால், ஏழால் வகுத்தால் நாளுக்கு 6, ஸ்டாக் இருந்த ஆறு நாளால் வகுத்தால் 7. 28 நாள் லீட் டைமுக்கு 168-ஆ, 196-ஆ? மேலே சூத்திரத்தால் வந்த ஐந்து பீஸ் வித்தியாசம் இதன் முன் ஒன்றுமே இல்லை. 168-ஐ வைத்து ரீஆர்டர் பாயின்ட்டைக் குறைத்தால் இன்னும் அடிக்கடி காலியாகும், பதிவு இன்னும் குறையும், அடுத்த முறை இன்னும் கீழே. திட்ட விலக்கமும் சேர்ந்து சுருங்கும், ஏனென்றால் தேவை உச்சத்துக்குப் போன நாட்களைத்தான் காலி அலமாரி வெட்டிவிடுகிறது. மதியம் தீர்ந்துபோன நாளை ஸ்டாக் இருந்த நாளாக எண்ணாதீர்கள், அந்த நாளின் விற்பனையையும் கழித்துவிடுங்கள்.

எது உங்களுக்கு என்பதற்கு, ஒரு பொருளின் கடைசிப் பத்துப் பதினைந்து தட்டுப்பாடுகளை எடுத்து, அப்போது கேட்டவர்களில் எத்தனை பேர் பின்னால் உண்மையிலேயே வாங்கினார்கள் என்று எண்ணுங்கள். பத்தில் ஒன்பது என்றால் பேக்ஆர்டர், ஒன்றிரண்டு என்றால் லாஸ்ட் சேல்ஸ். நடுவில் வந்தால், லாட்டாக வாங்கும் பொருளுக்கு லாஸ்ட் சேல்ஸ் சூத்திரத்தையே வைத்து p-யை மட்டும் அந்த விகிதத்தில் கலந்துகொள்வேன். பாதிக்குப் பாதி என்றால் 15-க்கும் 40-க்கும் நடுவே 27.5, ரீஆர்டர் பாயின்ட் 251 பக்கம் வரும். ஒவ்வொன்றாக வாங்கும் பாகத்துக்கு இந்தக் கலவை செல்லாது, அங்கே இரண்டு S-க்கும் நடுவே ஒன்றை எடுத்து, மூன்று மாதம் கழித்து அதே எண்ணிக்கையை மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டியதுதான்.