கொடிக்காலா கோடிக்காலா: ஒரு கடிதம்

ஐயா,

எங்கள் தாத்தாவின் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் ஒரு பக்கத்தைச் சித்தப்பா போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். மங்கலாக இருக்கிறது, இணைத்திருக்கிறேன். ஒரு வயலின் பெயர் எனக்குக் 'கொடிக்கால்' என்று தெரிகிறது. அந்தக் காலத்தில் அங்கே வெற்றிலை போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். சித்தப்பா அது 'கோடிக்கால்', கடைசி வாய்க்காலை ஒட்டிய வயல் என்கிறார். பழைய ஆட்கள் சரியாகப் புள்ளி, சுழி போடமாட்டார்கள் என்பதால் இடம் பார்த்துத்தானே படிக்க வேண்டும்? படத்தைத் தெளிவாக்க நல்ல ஆப் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

ர.

அன்புள்ள ர.,

ஆப் பற்றி முதலிலேயே சொல்லி முடித்துவிடுகிறேன். படத்தைப் பெரிதாக்கிக் கூர்மையாக்கும் ஆப்கள் எல்லாம் இருக்கிற பிக்சல்களுக்கு நடுவே தாங்களாக நிரப்புகின்றன. எழுத்தின் ஓரத்தில் ஒரு வெளுத்த கோடும் அதை ஒட்டிக் கறுப்புப் பொட்டும் வந்து உட்காரும், அதை நீங்கள் புள்ளி என்று படிப்பீர்கள். வேண்டாம்.

உங்கள் கடிதம் வந்த நேரம், நானே என் அப்பாவின் பழைய நோட்டு ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

படத்தை விட்டு, நீங்கள் தட்டச்சு செய்து அனுப்பியதை முதலில் பார்த்தேன். 'கொடிக்கால்' என்று அடித்திருக்கிறீர்கள். அதில் க் மேல் ஒரு புள்ளி, ல் மேல் ஒரு புள்ளி. படத்தில் அந்த க-வின் மேல் என்ன இருக்கிறது என்று பார்த்தீர்களா? ஒன்றுமே இல்லை. வெறும் காகிதம். அந்தப் புள்ளியை வைத்தது நீங்கள், பத்திரம் எழுதியவர் அல்ல. கொம்பில் சுழி இருக்கிறதா இல்லையா என்று சித்தப்பாவோடு சண்டை போடுகிற ஆள், அதே சொல்லில் இல்லாத ஒன்றைச் சத்தமில்லாமல் சேர்த்துவிட்டு வந்து நிற்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், எல்லோரும் செய்வதுதான். சொல் தெரிந்துவிட்டால் கண் எழுத்தைப் பார்ப்பதை நிறுத்திவிடும்.

நான் செய்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

என் அப்பா அச்சகத்தில் கம்பாசிட்டர். ஈய எழுத்துகளைத் தலைகீழாக அடுக்குகிற வேலை. அவர் கையெழுத்துப் பிரதியை வாசிக்கவே மாட்டார், "ஒற்றைக்கொம்பு, ப, துணைக்கால்" என்று முனகிக்கொண்டே கை பெட்டிக்குப் போகும். நான் கல்லூரி விடுமுறையில் அங்கேயே புரூப் பார்த்தேன். பதினாறாம் நாள் காரியத்துக்கு ஒரு அட்டை வந்தது, பிரதி கார்பன் தாளில் எடுத்த நகல், பாதி மங்கல். அப்பா 'தேவானை அம்மாள்' என்று கோர்த்திருந்தார். எனக்குத் தமிழ் தெரியும் அல்லவா, 'தெய்வானை' என்று திருத்தினேன். பிரதியில் கொம்புக்கு மேலே சுழி மங்கலாகத் தெரிந்தது, அதை ஏதோ கார்பன் கறை என்று எடுத்துக்கொண்டேன். ய் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை, அது விழாமல் போயிருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். இருந்ததை இல்லை என்றும் இல்லாததை இருந்தது என்றும் ஒரே சொல்லுக்குள் இரண்டு முறை முடிவு செய்திருக்கிறேன், இரண்டும் சரியாகவே பட்டன. 250 அட்டை அச்சாகிப் போனது. சாயங்காலம் அந்த அம்மாளின் மகள் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். "எங்கம்மா பேரு தேவானை. அப்படித்தான் கூப்பிடுவாங்க, அப்படித்தான் ரேசன் கார்டுலயும் இருக்கு" என்றார், அவ்வளவுதான். திட்டவில்லை. அன்று ராத்திரி அப்பாவே திரும்ப அச்சடித்தார். என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "நீ வார்த்தையப் பாத்த. நான் எழுத்தப் பாத்தேன்."

சரி, உங்கள் பத்திரத்துக்கு வருகிறேன்.

பாகப்பிரிவினைப் பத்திரத்தில் ஒரு வசதி இருக்கிறது. நான்கெல்லை சொல்லாமல் எந்த நிலமும் இராது. 'மேற்கு' என்றால் இரட்டைக்கொம்பு, 'தெற்கு' என்றால் ஒற்றைக்கொம்பு, இந்த இரண்டிலும் யாருக்கும் சந்தேகம் வராது. 'வடக்கு' என்றால் க்-வில் புள்ளி இருக்க வேண்டும். 'கிழக்கு' என்றால் மேல்விலங்கு. எழுதியவரின் கை எப்படி இருக்கும் என்பதற்கு மாதிரி எழுத்துகள் அந்தப் பக்கத்திலேயே கிடக்கின்றன. சந்தேகமான சொல்லை மூடிவைத்துவிட்டு முதலில் இவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் பக்கத்தில் இரண்டு நிலம் சொல்லப்படுகிறது. 'வடக்கு' நான்கு இடத்தில் வருகிறது. ஒன்றில்தான் புள்ளி இருக்கிறது, அதுவும் க-வின் நடுவில் இல்லை, வலப்பக்கம் தள்ளி. அப்படியானால் இந்த எழுத்தர் புள்ளியைப் பெரும்பாலும் வைப்பதில்லை, ஆகவே ஒரு எழுத்தின் மேல் புள்ளி இல்லை என்பதால் எதுவும் நிரூபணமாகாது. 'பழைய ஆட்கள் புள்ளி போடமாட்டார்கள்' என்று நீங்கள் பொதுவாகச் சொன்னது இந்த ஆள் விஷயத்தில் ஓரளவு சரி. ஆனால் அதை எண்ணிப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஓலையில் புள்ளியும் இல்லை, கொ கோ வித்தியாசமும் இல்லை, காலுக்கும் ர-வுக்கும்கூட வடிவம் ஒன்றுதான், அங்கே இடம் பார்த்துப் படிப்பதைத் தவிர வழி கிடையாது. ஒற்றைக்கொம்பை இரட்டைக்கொம்பிலிருந்து சுழி வைத்துப் பிரித்தது 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த காரியம். உங்கள் பத்திரம் முத்திரைத் தாளில் எஃகு நிப்பால் எழுதியது. அந்தச் சலுகையை இங்கே கொண்டுவராதீர்கள்.

அப்புறம் அந்த ல. அதன் மேல் ஒரு புள்ளி தெளிவாக இருக்கிறது, நீங்களும் அதை நம்பித்தான் ல் என்று அடித்தீர்கள். ஆனால் அதே அளவில், அதே பழுப்பில், இடது ஓரத்தில் எழுத்தே இல்லாத இடத்தில் மூன்று பொட்டுகள் இருக்கின்றன. மை நீலம். ஃபோட்டோ எடிட்டரில் படத்தின் சிவப்புச் சேனலை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தேன், அதில் நீல மை கறுப்பாக நிற்கும், பழுப்புக் கறை வெளுத்துவிடும். ல மேல் இருந்த பொட்டு வெளுத்துவிட்டது. கறைதான். (மையே பழுப்பாக மாறிவிட்ட பழைய தாள்களில் இந்த வித்தை பலிக்காது, உங்களுடையதில் நீலம் மிச்சம் இருந்ததால் பிழைத்தோம்.) அங்கே ல் என்று வாசிப்பது சரி, ஆனால் எழுதியிருப்பது ல.

இப்போது கொம்பு. 'மேற்கு' இரண்டு, 'மேற்படி' ஐந்து, ஆக ஏழு இடத்தில் இரட்டைக்கொம்பு. உங்கள் படத்தில் சுழி சுழியாகத் தெரியவில்லை, நடுவில் இருக்கும் வெள்ளை அடைபட்டுக் கொம்பின் தலையில் ஒரு வீக்கம் மாதிரி நிற்கிறது. அந்த வீக்கம் கொம்பின் கோட்டைப் போல இரண்டு மடங்கு அகலம். 'தெற்கு' இரண்டிலும் 'செய்து' ஒன்றிலும் தலை மெலிந்தே இருக்கிறது. ஆகவே இவர் இரண்டையும் பிரித்து எழுதுகிறவர், இந்தப் படத்திலும் அந்த வித்தியாசம் பிழைத்திருக்கிறது. இது தெரியாமல் நீங்களும் சித்தப்பாவும் வெற்றிலையையும் வாய்க்காலையும் வைத்து வாதாடிப் பயனில்லை.

ஆனால் உங்கள் துரதிர்ஷ்டம், தாள் மடிப்பு சரியாக அந்தக் கொம்பின் தலை மேல் போகிறது. மடிப்பில் மை தேய்ந்து ஒரு வெள்ளைக் கோடு. அந்தக் கோடு வீக்கத்தைவிட ஒடுக்கமானது, எனவே சுழி இருந்திருந்தால் மடிப்புக்கு வலப்பக்கம் கொஞ்சமாவது எட்டிப்பார்க்க வேண்டும். அங்கே ஒரு கறுப்புத் துணுக்கு இருக்கத்தான் செய்கிறது, ஒன்றிரண்டு பிக்சல். துள்ளிக் குதிக்க வேண்டாம். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும்போது எட்டுக்கு எட்டுப் பிக்சல் கட்டங்களாக வெட்டித்தான் சுருக்குகிறது, அதனால் கறுப்புக் கோட்டை ஒட்டி இப்படித் தூசி மாதிரி துணுக்குகள் வரும். பக்கத்து வரியில் சந்தேகமே இல்லாத எழுத்துகளைச் சுற்றியும் அதே துணுக்குகளைப் பார்த்தேன். ஆகவே இந்தப் படத்தை வைத்துப் பதில் சொல்ல முடியாது. எனக்கும் முடியாது.

இப்போதைக்கு எழுதி வைப்பதானால் இரண்டு வரியாக எழுதுங்கள். மேல் வரியில் கண்டது: [கொ/கோ]டிககால. கீழ் வரியில் கொண்டது: கொடிக்கால் அல்லது கோடிக்கால். மேல் வரியில் நீங்களாக ஒரு புள்ளிகூட வைக்கக் கூடாது. கல்வெட்டும் சுவடியும் படிக்கிற வெளிநாட்டவர்கள் சந்தேகமான எழுத்துக்குக் கீழே ஒரு புள்ளி வைப்பார்கள். நாம் அப்படிச் செய்தால் விளங்கினாற்போலத்தான், புள்ளிதானே நமக்குத் தகராறே. அதனால் சதுர அடைப்பு போதும். பட்டாவையும் கிராமக் கணக்கையும் எடுத்துப் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை, மேல் வரியை எழுதி முடித்த பிறகு பாருங்கள். முன்பே பார்த்தால் அங்கே கண்டது இங்கேயும் தெரியும்.

இனி புதுப் படம். முழுப் பக்கம் வேண்டாம், அந்த ஒரு வரி திரையை நிரப்பட்டும். ஃபிளாஷ் போடாதீர்கள். ஜன்னலோரம் தாளைத் தட்டையாக வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் தாழ்வாக விழும்படி ஒரு படம், தாளைக் கால் வட்டம் திருப்பி வைத்து இன்னொரு படம். எஃகு நிப் தாளைக் கீறிக்கொண்டே போகும், மை தேய்ந்தாலும் அந்தக் கீறல் சில சமயம் நிற்கும், சாய்ந்த வெளிச்சத்தில் அது மெல்லிய நிழலாகத் தெரியும். சுழி போட்டிருந்தால் மடிப்பின் அந்தப் பக்கம் வளைந்த கீறல் இருக்க வாய்ப்புண்டு. கறைக்குக் கீறல் இராது. அனுப்பும்போது படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், அப்போதுதான் சுருங்காமல் வரும்.

சித்தப்பாதான் படம் எடுக்கப்போகிறார் என்றால், அதே வெளிச்சத்தில் ஒரு 'மேற்படி'யையும் ஒரு 'தெற்கு'வையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். எதற்கு என்று அவரிடம் சொல்ல வேண்டாம்.