பதவி ஒருவருக்கு, முதல் பேச்சு மற்ற இருவரோடு

"ஆத்தங்குடிப் பக்கம் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கிறேன். அப்பா ஆரம்பித்தது, இப்போது நான் பார்க்கிறேன். 16 பேர் வேலை செய்கிறார்கள். வெளியூர் ஆர்டர் கூடியதால் ஒரு சூப்பர்வைசர் தேவை. 6 வருடமாக இருக்கும் ஒரு பெண்ணை முடிவு செய்துவிட்டேன். 22 வருடமாக இருக்கும் அண்ணன் ஒருவரும், 9 வருடமாக இருக்கும் தம்பி ஒருவரும் அந்த இடத்தை எதிர்பார்த்தார்கள் என்று தெரியும். ஆயுத பூஜையன்று மாலை போட்டு அறிவிக்கலாமா? அவர்கள் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது?"
– ஒரு வாசகர், காரைக்குடி

ஆயுத பூஜை வேண்டாம். அன்றைக்குப் பட்டறைக்கு யார் யார் வருவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அந்த அண்ணன் வேட்டி கட்டிக்கொண்டு மனைவி, பிள்ளைகளோடு வருவார். நீங்கள் மாலையை எடுத்து வேறொருவர் கழுத்தில் போடும்போது, தன் வீட்டார் பார்க்க அவர் கை தட்டியாக வேண்டும். வேலை கிடைக்காத வருத்தம் ஒரு மாதத்தில் ஆறும். அந்தக் கை தட்டல் ஆறாது. சம்பள நாளும் வேண்டாம், கவரைப் பிரிக்கும்போதே யாருக்கு எவ்வளவு என்ற பேச்சு வந்துவிடும். வேலை நடக்கும் சாதாரண நாள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். செவ்வாய், புதன் என்றால் நல்லது. மறுநாளும் எல்லோரும் வேலைக்கு வருவார்கள், முகத்தைப் பார்க்க முடியும்.

மனம் நோகாமல் சொல்ல வழியில்லை. 22 வருடம் காத்திருந்தவருக்கு நோகத்தான் செய்யும். உங்கள் கையில் இருப்பது, அவர் அதை எங்கே, யாரிடமிருந்து, யார் யார் பார்க்கக் கேட்கிறார் என்பது மட்டும்தான். அதனால் அறிவிப்பைவிட அதற்கு முந்தைய ஒரு மணி நேரம்தான் பெரிய வேலை.

இந்தப் பாடத்தை நான் தப்புச் செய்துதான் கற்றேன். பல வருடங்களுக்கு முன் ஒரு ஆலையில் பணியாளர் பிரிவில் இருந்தபோது, ஷிப்ட் இன்சார்ஜ் பதவி உயர்வு அறிவிப்பைத் தட்டச்சு செய்து போர்டில் ஒட்டச் சொல்லிவிட்டு, பதவி கிடைக்காதவரிடம் மத்தியானம் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். போர்டை முதலில் பார்த்தவர் டீக்கடையில் சொல்ல, கடைக்காரர் பதவி கிடைக்காதவரிடமே "உங்களுக்கு இல்லையாமே" என்று கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு நான் சொன்ன எந்தக் காரணமும் அவர் காதில் ஏறவில்லை. தேர்வில் பிழையில்லை. கேட்ட இடம் டீக்கடையாகிப் போனதுதான் பிழை.

முதலில் ஒன்றைச் சரிபார்த்துவிடுங்கள். அப்பா எப்போதாவது அந்த அண்ணனிடம் "அடுத்து நீதான்" என்று சொல்லியிருக்கிறாரா? நேரில் போய்க் கேளுங்கள். குடும்பத் தொழிலில் இப்படி வாய்வார்த்தை கொடுப்பது சகஜம், கொடுத்தவருக்கு மறந்திருக்கும், வாங்கியவருக்கு நாள் கிழமை முதற்கொண்டு நினைவிருக்கும். அப்படி ஒரு வாக்கு இருந்தால், அப்பாவே அவரிடம் பேச வேண்டும். உங்கள் பேச்சு எவ்வளவு நயமாக இருந்தாலும் அதை ஈடு செய்யாது.

சரி, வாக்கு எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அன்று காலை 8 மணிக்கு மூத்தவர், 8:20-க்கு இளையவர், 9 மணிக்கு எல்லோருக்கும் அறிவிப்பு. முந்தின நாளே சொன்னால் ராத்திரியில் ஊர் முழுக்கப் போய்விடும், அவரும் தூக்கமில்லாமல் வந்து நிற்பார். பதவி பெறும் பெண்ணிடம் மட்டும் முந்தின நாள் சாயங்காலம் சொல்லி, சம்மதம் வாங்கி, "நாளைக் காலை வரை வீட்டில்கூட வேண்டாம்" என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவர் மாட்டேன் என்றால் மற்ற இருவரையும் வீணாக வருத்தியிருப்பீர்கள், அதனால்தான் இந்த வரிசை.

மூத்தவரை ஆபீஸ் மேஜைக்கு எதிரே நிற்க வைத்துப் பேசாதீர்கள். தண்ணீர்த் தொட்டி ஓரமாகவோ பின்கட்டிலோ இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுங்கள். முதல் வாக்கியத்திலேயே முடிவு வந்துவிட வேண்டும்: "அண்ணே, சூப்பர்வைசர் வேலையை அந்தப் பொண்ணுக்குக் கொடுக்கிறதா முடிவு பண்ணியிருக்கேன். எல்லாருக்கும் சொல்றதுக்கு முன்னாடி உங்ககிட்ட நானே சொல்லணும்னு வந்தேன்." அவ்வளவுதான். "உங்களை மாதிரி கை யாருக்கு வரும்" என்று பத்து நிமிடம் புகழ்ந்துவிட்டு முடிவுக்கு வந்தால், அந்தப் புகழ்ச்சி அத்தனையும் மருந்துக்கு முன் கொடுத்த வெல்லம் என்று அவருக்குத் தெரிந்துபோகும். பிறகு வாழ்நாள் முழுக்க நீங்கள் எப்போது பாராட்டினாலும் அடுத்து என்ன வருமோ என்று பார்ப்பார்.

சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். இந்த மௌனம்தான் முதலாளிகளால் தாங்க முடியாத இடம். அரை நிமிடம் ஆனதும் பதறிப்போய் "அடுத்த வருஷம் பார்ப்போம்ணே" என்று ஏதாவது சொல்லிவிடுவார்கள். அதுதான் அடுத்த வாய்வார்த்தை. சொல்லாதீர்கள். அவர் பேசட்டும், இல்லை எழுந்து போகட்டும்.

"ஏன் தம்பி?" என்று கேட்டால், காரணம் அந்த வேலையிலிருந்து வர வேண்டும், ஆட்களை ஒப்பிடுவதிலிருந்து வரக்கூடாது. உங்கள் பட்டறையில் சூப்பர்வைசருக்கு என்ன வேலை? ஆர்கிடெக்ட் அனுப்பும் வரைபடத்தைப் பார்த்து எத்தனை கல், எத்தனை ஓரக்கல், உடைசலுக்கு எவ்வளவு கூடுதல் என்று கணக்கிடுவது. எந்த அச்சு எந்த நாளில் ஓட வேண்டும், தொட்டியில் எந்த லாட் ஊறுகிறது, லோடு எப்போது ஏறும் என்று பார்ப்பது. பெங்களூரிலிருந்து வரும் போனுக்குப் பதில் சொல்வது. கண்ணாடி மேல் அச்சை வைத்துச் சாயம் ஊற்றும் கை வேலை இதில் ஏறக்குறைய இல்லை. இதைத்தான் சொல்ல வேண்டும்: "அண்ணே, இந்த வேலை கணக்கும் போனும்தான். கடைசி 3 பெரிய ஆர்டரையும் வரைபடத்திலிருந்து லோடு வரைக்கும் அவங்கதான் பார்த்தாங்க. அதை வச்சு முடிவு பண்ணினேன்." உண்மையான இரண்டு காரணம் போதும். ஐந்தாவது காரணத்துக்குப் போனால் வாதாடுவது போல ஆகிவிடும்.

"ஒரு பொம்பளைக்குக் கீழயா?" என்ற கேள்வியும் வரலாம், அவர் வாயால் வராவிட்டாலும் பட்டறையில் யாராவது அவர் சார்பாகக் கேட்பார்கள். அதற்கு விளக்கம் வேண்டாம். "வேலையைப் பார்த்துத்தான் கொடுத்தேன்" என்ற ஒரே பதிலை எத்தனை தடவை கேட்டாலும் சொல்லுங்கள்.

காரணம் சொல்வது சும்மா மரியாதைக்கு இல்லை. 1990-ல் வெளியான ஓர் ஆய்வில் ஜெரால்டு கிரீன்பெர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரே நிறுவனத்தின் ஆலைகளை ஒப்பிட்டுப் பார்த்தார். ஆர்டர் போனதால் இரண்டு ஆலைகளில் 10 வாரத்துக்குச் சம்பளத்தில் 15 சதவீதம் குறைத்தார்கள். ஓர் ஆலையில் காரணத்தை விரிவாக, வருத்தத்தோடு சொன்னார்கள். இன்னொன்றில் ஒப்புக்குச் சொல்லிவிட்டுப் போனார்கள். இரண்டாவது ஆலையில் பொருள் திருட்டு முதலாவதைவிட நன்றாகவே கூடியது. குறைந்த காசு இரண்டிலும் ஒன்றுதான். உங்கள் பட்டறையில் யாரும் திருட மாட்டார்கள். ஆனால் மனம் விட்ட கை கலக்கும் சாயத்தில் அது தெரியும்.

நீங்கள் எப்படித் தேர்ந்தெடுக்கப் போகிறீர்கள் என்று யாரிடமும் முன்கூட்டிச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். அதை ஒத்துக்கொள்ளுங்கள். "முன்னாடியே உங்க ரெண்டு பேரையும் கேட்டிருக்கணும், செய்யலை, அது என் தப்பு" என்ற வரிக்கு நிறைய மதிப்பு உண்டு, அது உண்மையாக இருந்தால். இந்த விஷயத்தில் நம் வட்டிக்கடைக்காரர்கள் கெட்டி. பர்மா, மலாயாவில் கடை நடத்தியவர்கள் பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள் என்று படிகளுக்குப் பேர் வைத்திருந்தார்கள். அடுத்தது எது என்று சேரும்போதே தெரியும். உங்கள் பட்டறையில் படியே இல்லாத இடத்தில் திடீரென்று ஒரு நாற்காலி போடுகிறீர்கள்.

9 வருடக்காரரிடம் பேச்சு வேறு. அவருக்கு வயதும் வேகமும் இருக்கிறது. அவரிடம் என்ன குறைந்தது என்று குறிப்பாகச் சொல்லலாம்: வரைபடம் பார்த்துக் கல் எண்ணத் தெரியவில்லை என்றால், வருகிற 3 மாதத்தில் இரண்டு சின்ன ஆர்டரை அவர் கணக்குப் போடட்டும், நீங்கள் சரிபாருங்கள். நாள் குறிக்க முடிந்தால் சொல்லுங்கள், முடியாவிட்டால் சொல்லாதீர்கள்.

மூத்தவருக்கு "சீனியர் ஆலோசகர்" மாதிரி ஒரு பட்டம் கொடுக்கலாமா என்று உங்களுக்குத் தோன்றும். வேண்டாம். வேலையும் காசும் இல்லாத பட்டம் பட்டறையில் ஒரே வாரத்தில் கேலியாகிவிடும். உண்மையிலேயே அவரிடம் ஒப்படைக்க வேண்டிய ஒன்று இருந்தால், உதாரணமாகச் சாயக் கலவையில் கடைசி வார்த்தை அவருடையது, புதுசாக வரும் பையன்களுக்கு அவர்தான் வாத்தியார், அதற்கு மாதம் இவ்வளவு கூடுதல் என்றால், அதைப் பத்து நாள் கழித்துத் தனியாகப் பேசுங்கள். அதே காலையில் சொன்னால் ஆறுதல் பரிசாகத்தான் தெரியும்.

9 மணி அறிவிப்பு சின்னதாக இருக்கட்டும். இப்படி: "நாளையிலிருந்து இவங்க சூப்பர்வைசர். ஆர்டர் கணக்கு, அச்சு வரிசை, தொட்டி, லோடு நாலும் இவங்க பொறுப்பு. லீவும் சம்பளமும் முன்ன மாதிரி என்கிட்டத்தான். சந்தேகம் இருந்தா கேளுங்க." அவ்வளவுதான். "இவரைவிடத் தகுதியான ஆள் இல்லை" என்ற வாக்கியம் வந்தால் மீதி 15 பேரையும் தகுதியில்லாதவர்கள் என்று சொன்ன மாதிரி. "அண்ணன் பெரிய மனசோட ஏத்துக்கிட்டாரு" என்பது இன்னும் மோசம். அவர் போட்டியிட்டுத் தோற்றதை, தெரியாதவர்களுக்கும் அறிவித்துவிடுகிறீர்கள். அவரிடம் காலையில் பேசியதையே வெளியில் சொல்லாதீர்கள். வாட்ஸ்அப் குரூப்பில் போடுவதானால் கூட்டம் கலைந்த பிறகு, அதே நாலு வரி. ஸ்வீட் வேண்டுமென்றால் அந்தப் பெண் தன் வீட்டிலிருந்து கொண்டுவரட்டும். அவரையும் அன்றைக்குப் பேசச் சொல்லாதீர்கள், முதல் இரண்டு வாரம் யாருடைய இடத்தையும் அச்சையும் மாற்ற வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

அதற்குப் பிறகு எதைக் கவனிப்பது? கோபத்தை இல்லை. கோபப்படுகிறவர் இன்னும் உங்களோடுதான் இருக்கிறார். பக்கத்துப் பையன் சாயத்தைத் தண்ணியாகக் கலக்குவதைப் பார்த்தும் மூத்தவர் ஒன்றும் சொல்லாமல் தன் அச்சை மட்டும் பார்க்க ஆரம்பித்தால், அதுதான் அறிகுறி. மூன்றாவது வாரத்தில் கண்ணாடியிலிருந்து பிரிக்கும் கல்லில் பூவின் ஓரம் கலங்கியவை கூடுகிறதா என்று எண்ணிப் பாருங்கள். கூடினால் அவரிடம் போய், கல்லைக் காட்டி, "என்னண்ணே, பசங்களைப் பார்க்கிறதில்லையா?" என்று நேராகக் கேளுங்கள். உள்ளே இருப்பது அப்போதுதான் வெளியே வரும்.

அவர் நின்றுகொள்கிறேன் என்று சொல்லவும் கூடும். அப்போது திண்டாடாமல் இருக்க, கணக்கை இப்போதே பார்த்து வையுங்கள். பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் முடித்தவருக்குக் கிராஜுவிட்டி உண்டு, வருடத்துக்கு 15 நாள் சம்பளம், மாதத்தை 26 நாளாகக் கொண்டு. கடைசிச் சம்பளம் 18,000 ரூபாய் என்றால் 22 வருடத்துக்குச் சுமார் 2,28,000 ரூபாய் வரும். கல்லுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவரானால் கடைசி 3 மாதச் சராசரியை எடுக்க வேண்டும். இந்தப் பேச்சை நீங்களாக எடுக்காதீர்கள். அவர் எடுத்தால், "ஒரு வாரம் யோசிச்சுட்டுச் சொல்லுங்கண்ணே" என்று கேட்டுக்கொண்டு, அந்த வாரத்துக்குள் ஒரு சாயங்காலம் அப்பாவையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள்.